பிள்ளைகளிடம் சம்மதம் கேட்கும் காதல்

அறுபதை ஒட்டிய வயதில், துணையை இழந்தபின் இன்னொருவர்மேல் வரும் பிடிப்பு பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் தொடங்குகிறது. காலை நடைப்பயிற்சியில் தினமும் எதிர்ப்படும் முகம், ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலி, ஐம்பது வருடத்துக்கு முந்தைய பள்ளித் தோழர்களை ஒன்று சேர்த்த வாட்ஸ்அப் குழு, கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் பெஞ்சு என்று அறிமுகத்துக்கு ஏதோ ஓர் இடம் அமைகிறது. முதலில் 'பேச்சுத்துணை' என்றுதான் இருவரும் சொல்லிக்கொள்வார்கள். ஒருநாள் அந்த ஆள் வராவிட்டால் மனம் எதிலும் ஒட்டாமல் போகும்போதுதான் விஷயம் பேச்சுத்துணையைத் தாண்டிவிட்டது புரியும். அதுவரை இளமைக் காதலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசமெல்லாம் அதற்குப் பிறகு வருகிறது.

2019 டிசம்பர் 28 அன்று திருச்சூரை அடுத்த இராமவர்மபுரம் அரசு முதியோர் இல்லத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. மணமகனுக்கு 67 வயது, மணமகளுக்கு 65. இருவரும் அந்த இல்லத்திலேயே தங்கியிருந்தவர்கள். மணமகளின் முதல் கணவர் சமையல் கலைஞர். அவரிடம் உதவியாளாக இருந்தவர்தான் மணமகன். கணவர் இறந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. போகும்முன் மனைவியைப் பார்த்துக்கொள்ளும்படி அவர் தன் உதவியாளிடம் சொல்லிவிட்டுப் போனதாக அப்போது செய்திகள் வந்தன. காலம் இருவரையும் வெவ்வேறு பக்கம் தள்ளி, கடைசியில் ஒரே இல்லத்தில் கொண்டுவந்து சேர்த்தது. மாநில அமைச்சர் வந்தார், இல்லத்தவர்கள் பட்டுப் புடவையும் விருந்துமாகக் கொண்டாடினார்கள், நாடு முழுக்கப் படங்கள் பரவின.

அந்தக் கல்யாணம் அவ்வளவு எளிதாக நடந்ததற்கு ஒரு காரணத்தை யாரும் பெரிதாகப் பேசவில்லை. முதியோர் இல்லத்தில் வீட்டுப் பத்திரம் பற்றிய பேச்சு கிடையாது. யார் வீட்டில் யார் போய் இருப்பது, யார் அடுப்படியை யார் ஆள்வது, முன்னவரின் படம் எந்தச் சுவரில் மாட்டப்படுவது என்ற கேள்விகளும் எழுவதில்லை. இளம் ஜோடி ஒன்றுமில்லாத இடத்தில் தங்கள் குடும்பத்தைக் கட்டத் தொடங்குகிறது. முதிய ஜோடியோ ஏற்கெனவே கட்டி முடித்த இரண்டு குடும்பங்களைச் சுமந்துகொண்டு வருகிறது. இறந்துபோன துணை, வளர்ந்த பிள்ளைகள், மருமக்கள், வீடு, ஓய்வூதியம், நாற்பது வருடப் பழக்கவழக்கம் எல்லாம் கூடவே வரும். எதைச் சேர்ப்பது, எதைத் தனித்தனியாக விட்டுவைப்பது என்பதை முடிவு செய்வதுதான் முதுமைக் காதலின் பெரும்பாடு.

தேடும் ஆண், தயங்கும் பெண்

இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டிய பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கணவரை இழந்தவர்கள். அதே வயது ஆண்களில் மனைவியை இழந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. இதற்கான காரணங்கள் தெரிந்தவைதான். கணவன் மனைவியைவிட ஐந்து, எட்டு, பத்து வயது மூத்தவனாக இருப்பது வழக்கம். பெண்களின் ஆயுள் கூடுதல். மனைவியை இழந்த ஆண் மறுமணம் செய்வதை ஊர் எப்போதும் அனுமதித்தே வந்திருக்கிறது. இந்தக் கணக்குப்படி முதிய வயதில் துணை தேடி வருபவர்களில் பெண்களே அதிகம் இருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு.

ஆமதாபாத்தில் நட்டுபாய் படேல் நடத்தும் 'வினா மூல்ய அமூல்ய சேவா' அமைப்பு இதற்கு நல்ல சாட்சி. 2001 குஜராத் பூகம்பத்தில் துணையை இழந்து தவித்தவர்களைப் பார்த்துத் தொடங்கப்பட்ட அமைப்பு அது. ஐம்பது வயது கடந்தவர்களுக்காகப் பல ஊர்களில் சந்திப்புக் கூட்டங்கள் நடத்துகிறது. அந்தக் கூட்டங்களில் ஆண்கள் பெரும் எண்ணிக்கையிலும் பெண்கள் அதில் ஒரு பகுதியாகவும் வருவதுதான் வழக்கம். பெண்களை வரவழைக்கப் பயணச் செலவை ஏற்றுக்கொள்வது உள்ளிட்ட சலுகைகள் தர வேண்டியிருக்கிறது. ஊருக்குப் பயந்து பெண்கள் ஒதுங்குகிறார்கள் என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம். அதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான்.

மீதிப் பாதியை அமெரிக்கச் சமூகவியலாளர் டெபோரா கார் 2004-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. டெட்ராய்ட் பகுதியில் துணையை இழந்த முதியவர்களைப் பின்தொடர்ந்து திரட்டிய தகவல்களை அவர் பயன்படுத்தினார். எதிர்பார்த்தபடியே மறுமண விருப்பம் பெண்களைவிட ஆண்களிடம் கூடுதலாக இருந்தது. ஆனால் நெருங்கிய நண்பர்களின் ஆதரவு நிறைய இருந்த ஆண்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. மனம்விட்டுப் பேச ஆள் இருந்த ஆண்களுக்கு, பெண்களைப் போலவே, மறுமணத்தில் அவசரம் இல்லை. பல ஆண்களுக்கு மனைவி ஒருத்திதான் நெருங்கிய தோழி. அவள் போனதும் பேச்சே நின்றுவிடுகிறது. பெண்களுக்கோ அக்கா தங்கை, பக்கத்து வீடு, கோயில், மகள் என்று பேச்சுக்கு நாலு வாசல் திறந்திருக்கும்.

முதிய பெண்ணின் தயக்கத்துக்கு இன்னொரு காரணம் அடுப்படி. நாற்பது வருடம் காலை ஐந்தரைக்கு எழுந்து காபி போட்டவர், கணவரின் கடைசி மூன்று வருடங்களில் அவருக்கு இன்சுலின் போட்டு, படுக்கை மாற்றி, ஆஸ்பத்திரி வராந்தாவில் தூங்கியவர், எல்லாம் முடிந்தபிறகு முதல்முறையாகத் தன் நேரத்துக்குச் சாப்பிடுகிறார். அறுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் 'துணை வேண்டும்' என்று வரும்போது, அதைத் 'துணைவி வேண்டும், சமைக்கவும் வேண்டும், நாளைக்கு நோய் வந்தால் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்' என்றுதான் அவர் கேட்டுக்கொள்கிறார். அனுபவத்தில் வந்த கணக்கு அது. தவறென்று சொல்ல முடியாது. அதனால் இந்த வயதில் பெண்ணின் மனதை அசைப்பவர் பெரும்பாலும் தன் தட்டைத் தானே கழுவும் ஆண்தான். நல்ல வருமானம், நல்ல குடும்பம் என்பதெல்லாம் இருபத்தைந்து வயதில் பெற்றோர் பார்த்த பொருத்தங்கள்.

அவகாசம் குறையும்போது

இளமைக் காதலும் முதுமைக் காதலும் வேறுபடும் இடத்தை உளவியல் அறிஞர் லாரா கார்ஸ்டன்சன் நேரத்தை வைத்து விளக்குகிறார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவர் உருவாக்கிய கோட்பாட்டின்படி, முன்னால் நீண்ட காலம் கிடக்கிறது என்று நினைப்பவர்கள் புதியவற்றைத் தேடுகிறார்கள். புதிய அறிவும் அறிமுகங்களும் அனுபவங்களும் அவர்களுக்கு வேண்டியிருக்கின்றன. மீதமுள்ள காலம் குறைவு என்று உணர்பவர்கள் இப்போதே மனநிறைவு தரும் சில உறவுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை உதிர்த்துவிடுகிறார்கள். இதை நிர்ணயிப்பது பிறந்த தேதி என்பதைவிட மீதமிருக்கும் அவகாசம் பற்றிய உணர்வு. கடும் நோயில் கிடக்கும் இளைஞர்களும் முதியவர்களைப் போலவே தேர்ந்தெடுப்பதை அவருடைய குழுவினர் கண்டார்கள்.

காதலில் இதன் விளைவு நேரடியாகத் தெரிகிறது. இருபத்தைந்தில் 'இவர் பின்னால் எப்படி ஆவார்' என்ற கனவு இருக்கும்; திருத்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் இருக்கும். அறுபத்தைந்தில் எதிரில் உட்கார்ந்திருப்பவர் இனி ஆகப்போவதெல்லாம் ஆகி முடித்தவர். குறட்டை, கோபம், கஞ்சத்தனம், சாமி நம்பிக்கை எல்லாம் உறுதியாகிவிட்டன. எனவே சண்டையிட்டு மாற்றும் முயற்சி குறைவு, சகிப்பு அதிகம். ஒத்துவராது என்று தெரிந்தால் விலகுவதும் சீக்கிரம். இளம் காதலர்கள் மூன்று வருடம் இழுக்கும் முடிவை முதியவர்கள் மூன்று மாதத்தில் எடுத்துவிடுவதைப் பார்த்து 'இந்த வயசுல என்ன அவசரம்' என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. வயதுதான் அவசரத்துக்குக் காரணம் என்பது கேட்பவருக்குப் படுவதில்லை.

ஆனால் துணை இறந்த உடனேயே எடுக்கும் முடிவு வேறு வகை. முதல் சில மாதங்களில் வரும் 'இன்னொருவர் வேண்டும்' என்ற தவிப்பு, பல நேரம், போனவரே திரும்பி வர வேண்டும் என்ற தவிப்பின் மறுபெயர். அடையாளம் காண ஒரு வழி உண்டு. புதியவரிடம் பழகும்போது மனம் தேடுவது அவருடைய குணத்தையா, அல்லது காலியான இடத்தை நிரப்பும் ஓர் ஆளையா என்று பார்க்கலாம். புதியவர் வேறு மாதிரி காபி போட்டால் எரிச்சல் வருகிறது, முன்னவரின் புடவையையோ சட்டையையோ போட்டுப் பார்க்கச் சொல்லத் தோன்றுகிறது, பெயர் மாறி வந்துவிட்டதைப் பற்றி வருத்தமே இல்லை என்றால் துக்கம் இன்னும் அதன் வேலையை முடிக்கவில்லை.

இறந்தவரை மறந்தால்தான் புதிய உறவு நிலைக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. துக்கம் பற்றிய பழைய உளவியலும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னது. பற்றை அறுத்தால்தான் விடுதலை என்றது. டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் மூவரும் 1996-இல் தொகுத்து வெளியிட்ட நூல் இந்தப் பார்வையைத் திருப்பிப் போட்டது. இறந்தவரோடு உள்ள உறவு அறுபடுவதில்லை, வடிவம் மாறித் தொடர்கிறது, அது நோயும் இல்லை என்று அவர்கள் காட்டினார்கள். தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. திதி கொடுப்பதும், அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பதும், படத்துக்குப் பூப் போடுவதும் அந்தத் தொடர்பின் வடிவங்கள்தாம். முதுமை மறுமணம் நன்றாக நடக்கும் வீடுகளில் இரண்டு படங்கள் மாட்டியிருக்கும். அவருடைய முதல் மனைவிக்குத் திதி வரும்போது இவர் சமைப்பார், இவருடைய முதல் கணவரின் பேச்சு வந்தால் அவர் எழுந்து போகமாட்டார். இளம் காதலில் முன்னாள் காதலரின் பெயரை எடுத்தாலே சண்டை. முதுமைக் காதலில் முன்னவரைப் பற்றிச் சொல்ல விடாத துணைதான் சண்டைக்குக் காரணம்.

கதவைச் சாத்திக்கொண்ட பின்

உடலைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகள் இந்த இடத்தில் நாசூக்காக ஒதுங்கிவிடும். ஒதுங்கினால் டாக்டரிடமும் கேட்க மாட்டார்கள் என்பதால் சொல்லிவிடுவதே நல்லது. அமெரிக்காவில் 57 முதல் 85 வயதுக்குட்பட்ட சுமார் மூவாயிரம் பேரிடம் நடத்தி 2007-இல் வெளியான ஆய்வில், 65 முதல் 74 வயதுக்காரர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் உடலுறவில் ஈடுபடுவதாகச் சொன்னார்கள். 75 வயதுக்கு மேல் அது நால்வரில் ஒருவர் என்று குறைந்தது. உடல்நலம் மோசமாக இருந்தவர்களிடம் அது இன்னும் குறைவாக இருந்தது.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு வறட்சியால் வலி வருவது சாதாரணம்; வழுவழுப்புக் களிம்புகளும், டாக்டர் தரும் ஹார்மோன் களிம்பும் அதற்கு உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கும் ஆணுக்கு விறைப்புக் குறைபாடு வருவதும் அப்படித்தான். இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை பயன்படுத்துபவர், மருந்துக்கடையில் தானாக வயாகரா வகை மாத்திரை வாங்கிப் போட்டால் ரத்த அழுத்தம் திடீரென்று சரிந்து உயிருக்கே உலை வைக்கும். இதய டாக்டரிடம் வெட்கப்படாமல் கேட்டுவிட வேண்டிய கேள்வி இது.

உடலுறவு இல்லாமலேயே முழுமை அடையும் உறவுகளும் இந்த வயதில் நிறைய. இரவில் மூச்சுவிடும் சத்தம் கேட்கிறது என்பதே போதும் என்று சொல்பவர்கள் உண்டு. எது வேண்டும், எது வேண்டாம் என்பதை இருவரும் முன்னதாகப் பேசிக்கொள்வது இளமையைவிட முதுமையில் எளிது. நிரூபிக்க ஒன்றுமில்லை என்பதால்.

மகன் கேட்காத கேள்வி

விஷயம் வீட்டில் தெரியவரும்போது பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்வது ஒன்று, மனதில் நினைப்பது வேறு. 'சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க', 'பேரப் பிள்ளைங்களுக்கு என்ன பதில் சொல்றது', 'அம்மா இடத்துல இன்னொருத்தியா' என்பவை வாயில் வருபவை. மனதில் இருப்பது வீடு. இதைப் பேராசை என்று தள்ளிவிடுவது பிள்ளைகளுக்கு நியாயம் செய்வதாகாது. அம்மாவின் நகையை விற்றுக் கட்டிய வீடு, அவள் முகமே தெரியாத ஒருவருக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் பணமும் பாசமும் கலந்தே இருக்கின்றன. மகள்கள் பாசத்தையும் மகன்கள் பத்திரத்தையும் முன்வைப்பார்கள் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. 2005-க்குப் பிறகு மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை வந்ததால் அந்தப் பிரிவினையும் இப்போது கலைந்துவிட்டது.

பிள்ளைகளின் பயம் கற்பனையா என்பதைச் சட்டத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். கணக்குப் புரிவதற்காக ஒரு ஜோடியை எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு 68 வயது, அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து நான்கு வருடம். மகன் பெங்களூரில், மகள் திருச்சியில். தாம்பரத்தில் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. அவருடைய கடைசி அடிப்படைச் சம்பளம் 80,000 ரூபாய் என்றால் ஓய்வூதியம் 40,000. அந்த அம்மாளுக்கு 61 வயது. கணவர் அரசு ஊழியர். கடைசிச் சம்பளம் 60,000 என்பதால் அதில் 30 சதவீதமாக 18,000 ரூபாய் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. கணவர் விட்டுப்போன சிறு வீடு அவர் பெயரில் இருக்கிறது. ஒரே மகள். இருவரும் இந்துக்கள். அகவிலைப்படியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கல்யாணத்துக்கு முன் இருவரின் வருமானமும் சேர்ந்து மாதம் 58,000. கல்யாணம் ஆன மறுநாள் அது 40,000. கணவனை இழந்தவருக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் மறுமணத்தோடு நின்றுவிடும் என்பதுதான் பொது விதி. மத்திய அரசு விதிகளில், பிள்ளை இல்லாத விதவை மறுமணம் செய்தால், அவருடைய பிற வருமானம் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியத்தைத் தாண்டாதவரை தொடரும் என்று ஒரு விலக்கு உண்டு. மகள் இருப்பதால் இந்த அம்மாளுக்கு அது பொருந்தாது. தனியார் ஊழியர்களுக்கான 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்திலும் விதவை ஓய்வூதியம் மறுமணம் வரைதான். ஆக, வருடத்துக்கு 2,16,000 ரூபாய் இந்தக் கல்யாணத்தின் விலை.

அவர் இறந்தால் என்ன ஆகும்? ஓய்வு பெற்ற பிறகு செய்துகொண்ட திருமணம் என்றாலும் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பகவந்தி வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 80,000-இல் 30 சதவீதம் 24,000. பழைய 18,000-ஐவிட இது அதிகம். ஆனால் அவர் 40,000 ரூபாய்ச் சம்பளத்தில் ஓய்வு பெற்றவராக இருந்தால் கிடைப்பது 12,000-தான். ஓய்வூதியமே இல்லாத தனியார் ஊழியராகவோ வியாபாரியாகவோ இருந்தால் ஒன்றுமில்லை. நின்றுபோன பழைய ஓய்வூதியம் பொதுவாகத் திரும்பி வருவதில்லை. எனவே சம்மதம் சொல்லும்முன் பெண் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'உங்கள் கடைசிச் சம்பளம் எவ்வளவு' என்பது. காதல் பேச்சில் இது கரடுமுரடாகக் கேட்கும். கேட்காமல் விட்டால் எழுபத்தைந்தாவது வயதில் தனியாக விடை தெரிந்துகொள்ள வேண்டிவரும்.

இனி வீடுகள். உயில் எழுதாமல் அவர் இறந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி தாம்பரம் வீடு மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமமாக, ஆளுக்கு மூன்றில் ஒரு பங்காகப் பிரியும். இரண்டாம் மனைவி என்பதால் பங்கு குறையாது. மகனின் பயம் இந்த இடத்தில் நியாயமானது. அந்த அம்மாளின் மகளுக்கு உள்ள ஆபத்து பலருக்கும் தெரியாதது. மறுமணம் செய்தாலும் முதல் கணவர் வழியாக ஏற்கெனவே வந்துசேர்ந்த வீடு அம்மாளுடையதே; யாரும் திருப்பிக் கேட்க முடியாது. ஆனால் அவர் உயிலின்றி இறந்தால், பிள்ளை இருப்பதால், வீடு மகளுக்கும் அப்போதுள்ள கணவருக்கும் சமமாகப் போகும். தன் அப்பா கட்டிய வீட்டில் பாதி, அம்மாவின் இரண்டாம் கணவருக்கு.

இரண்டுக்கும் மருந்து உயில்தான். அவர் வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிவைத்து, மனைவி ஆயுள்வரை அதில் குடியிருக்கலாம் என்று சேர்க்கலாம். அம்மாள் தன் வீட்டை முழுவதுமாக மகளுக்கு எழுதிவைக்கலாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மனைவியின் ஜீவனாம்ச உரிமைக்குப் பதிலாகக் கொடுத்த ஆயுள்கால உரிமை, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்கீழ் முழு உடைமையாக மாறிவிடலாம் என்று துளசம்மா வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'அனுபவிக்கலாம், விற்கக்கூடாது' என்று பத்திர எழுத்தரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. சிவில் வழக்கறிஞர் வாசகத்தைப் பார்க்க வேண்டும். மதத்தைப் பொறுத்தும் விதி மாறுகிறது. கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதிவைத்துவிட்டு அதற்குப் பின் திருமணம் செய்தால், அந்தத் திருமணமே பழைய உயிலை ரத்து செய்துவிடும். அவர் புதிதாக எழுத வேண்டும். இந்துக்களின் உயிலுக்கு அந்த விதி இல்லை.

வங்கி நாமினியை மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை பெற்றவர், அவ்வளவே. சொந்தக்காரர் யார் என்பதை உயிலோ வாரிசுரிமையோதான் முடிவு செய்யும்.

தாலி, சேர்ந்து வாழ்தல், இரண்டு வீடு

இப்படிக் குடும்ப ஓய்வூதியம் போய்விடும் என்ற ஒரே காரணத்தால் திருமணத்தைத் தவிர்த்துச் சேர்ந்து வாழ்பவர்களும் உண்டு. புனேயில் மாதவ் தாம்லே தொடங்கிய முதியோர் அமைப்பு வெளிப்படையாகவே சேர்ந்து வாழ்வதை முன்வைக்கிறது. பழகிப் பார்த்து, எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டு சேர்வது அங்கே முறை. பெரும்பாலான ஓய்வூதிய விதிகள் மறுமணத்தைத்தான் தடையாகச் சொல்கின்றன என்பதால் வருமானம் தப்பிக்கிறது. ஆனால் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, மறுமணம் செய்யவில்லை என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்குவது மோசடி. வெளியே வந்தால் வாங்கியதெல்லாம் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

சேர்ந்து வாழும் பெண்ணுக்குச் சட்டம் கொஞ்சம் கை கொடுக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 'திருமணம் போன்ற உறவு' என்பதையும் தன் பாதுகாப்புக்குள் கொண்டுவருகிறது. கோவையிலிருந்து போன வேலுசாமி - பச்சையம்மாள் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு அளவுகோல் வைத்தது: இருவரும் மணம் செய்யத் தகுதியுள்ளவர்களாக, தம்பதியைப் போல ஊரறிய, கணிசமான காலம், சம்மதத்தோடு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஆனால் குடும்ப ஓய்வூதியமோ, வாரிசுப் பங்கோ தானாக வராது. அவர் இறந்த பதினாறாம் நாள், பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னால் வாடகை ஒப்பந்தமோ உயிலோ இல்லாத பெண்ணிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

மூன்றாவது வழி, அவரவர் வீட்டில் அவரவர் இருந்துகொண்டு உறவாக வாழ்வது. சுவீடனில் இது வெகுநாளாக வழக்கத்தில் இருக்கிறது. சோஃபி கார்ல்சன், கிளாஸ் போரெல் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஏற்பாட்டை வலியுறுத்துபவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்று தெரிந்தது. தனி வீடு இருப்பதால் சமையல், துவைப்பு, பணிவிடை எல்லாம் தன்மேல் விழாமல் அவர்களால் காத்துக்கொள்ள முடிந்தது. தமிழ்நாட்டில் இதற்குப் பெயர் வைக்கவில்லையே தவிர, வழக்கம் இல்லாமலில்லை. ஒரே அடுக்குமாடியில் இரண்டாம் மாடியும் நாலாம் மாடியுமாக இருந்து, மாலைக் காபியும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் ஒன்றாக, மாத்திரைப் பெட்டியும் பேங்க் பாஸ்புக்கும் தனித்தனியாக வாழும் ஜோடிகள் நகரங்களில் உண்டு. ஓய்வூதியம் போகாது, வீடு பிரியாது, பிள்ளைகளுக்கும் நெஞ்சு படபடக்காது. நோய் வந்து ஒருவர் படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் இந்த ஏற்பாட்டில் விடை இல்லை. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடக் கூப்பிடுவது மகனைத்தான்.

சொத்தும் தனிமையும் ஒன்றாக இருக்கும் இடத்தில் ஏமாற்றுக்காரர்களும் வருவார்கள். அடையாளங்கள் பழசுதான்: வெளிநாட்டில் வேலை, நேரில் சந்திக்க ஒவ்வொரு முறையும் ஒரு தடங்கல், மூன்றாம் வாரத்திலேயே கல்யாணப் பேச்சு, பிறகு சுங்கத்தில் மாட்டிய பரிசுப் பொருள் அல்லது திடீர் ஆபரேஷன். நேரில் பார்க்காத ஒருவர் பணம் கேட்டாலே பேச்சை நிறுத்திவிடலாம். நேரில் பார்த்துப் பழகிய ஆள் என்றால் கவனிக்க வேண்டியது வேறு: கல்யாணத்துக்கு முன்பே செட்டில்மென்ட் பத்திரம் எழுதச் சொல்பவர், துணையைப் பிள்ளைகளிடமிருந்தும் பழைய நண்பர்களிடமிருந்தும் பிரிக்கப் பார்ப்பவர், முதல் மணவாழ்க்கை பற்றிக் கேட்டால் இறப்புச் சான்றிதழைக் காட்டத் தயங்குபவர்.

சட்டப்படி மணம் செய்வது என்று முடிவானால், உயிலை முதலில் எழுதிவிட்டுப் பிறகு பிள்ளைகளிடம் பேசுவது நல்ல வரிசை. வீடு யாருக்கு என்பது தெரிந்த பிறகு எதிர்ப்பில் பாதி கரைந்துவிடும். மீதி உண்மையான வருத்தம், அதற்குக் காலம்தான் வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டம் 1954-இன்படி மணம் செய்தால் முப்பது நாள் அறிவிப்பு சார்பதிவாளர் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும், மூன்று சாட்சிகள் வேண்டும். பலகையில் பெயர் தொங்குவதை விரும்பாத இந்து ஜோடிகள் கோயிலிலோ, 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்புப் பெற்ற சுயமரியாதை முறையிலோ மணம் செய்துகொண்டு பதிவு செய்கிறார்கள். எந்த முறையானாலும் முதல் துணையின் இறப்புச் சான்றிதழ் தேவை. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சான்றிதழைக் கொண்டு ஓய்வூதிய ஆவணத்தில் புதிய மனைவியின் அல்லது கணவரின் பெயரை ஓய்வூதியர் உயிரோடு இருக்கும்போதே சேர்த்துவிட வேண்டும். அவர் போனபிறகு அந்த மனுவைத் தனியாகத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது எழுபது வயதுப் பெண்ணின் தலையில்தான் விழும்.